லோகோ ட்ரேசிங்கில் மிகைப் புள்ளிகளும் புடைப்பு வளைவுகளும்

தாளில் பேனாவாலோ தூரிகையாலோ வரைந்த லோகோவை ஸ்கேன் செய்து வெக்டார் கோடுகளாக மாற்றும்போது அடிக்கடி காணப்படும் குறைகள் இவை. கோட்டைத் தாங்கும் ஆங்கர் பாயின்ட்கள் தேவைக்கு மேல் பெருகுவது ஒன்று. வழுவழுப்பாக ஓட வேண்டிய வளைவு மேடும் பள்ளமுமாக நெளிவது மற்றொன்று. பெரும்பாலும் சேர்ந்தே வருவதால் இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் உண்டு. பத்தே புள்ளிகளில் வரைந்த வளைவும் மேடு தட்டலாம் என்பதால் இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

வெக்டார் வளைவின் கணக்கு கார்த் தொழிலில் பிறந்தது. பிரான்சில் சித்ரோயன் நிறுவனத்தில் பால் த காஸ்தல்ஜோவும், ரெனோ நிறுவனத்தில் பியேர் பெசியேவும் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தனித்தனியே அதை உருவாக்கினர். இன்று ‘பெசியே வளைவு’ என்கிறோம். ஒரு துண்டு வளைவுக்கு இரு முனைகளில் இரண்டு புள்ளிகள், ஒவ்வொன்றிலிருந்தும் நீளும் ஒரு கைப்பிடி. கோடு எந்தத் திசையில் புறப்பட வேண்டும் என்பதைக் கைப்பிடியின் சாய்வு சொல்கிறது. அந்தத் திசையை எவ்வளவு தூரம் விடாமல் பிடித்திருக்க வேண்டும் என்பதை அதன் நீளம் சொல்கிறது. முழு வட்டத்துக்கே நான்கு புள்ளிகள் போதும். கைப்பிடியின் நீளத்தை ஆரத்தில் 0.5523 பங்காக வைத்தால், உண்மை வட்டத்திலிருந்து விலகல் ஆரத்தில் 0.03 சதவீதத்தைக்கூடத் தொடாது. ஒரு சுழிக்கு எத்தனை புள்ளி நியாயம் என்பதற்கு இதுவே அளவுகோல்: கால் வட்டத் திருப்பத்துக்கு ஒரு துண்டு.

தானியங்கி ட்ரேஸ் இந்தக் கணக்கு போடுவதில்லை. இங்க்ஸ்கேப்பில் உள்ள ட்ரேஸ் வசதி பீட்டர் செலிங்கர் எழுதிய போட்ரேஸ் நிரலை அடிப்படையாகக் கொண்டது. கறுப்பு வெள்ளைப் படத்தின் ஓரம் நெருங்கிப் பார்த்தால் பிக்சல் படிக்கட்டுதான். அந்தப் படிக்கட்டை ஒட்டி நிரல் ஒரு வளைவைப் பொருத்துகிறது. தாளின் சொரசொரப்பு, மை ஊறிய இடம், ஸ்கேனரில் விழுந்த தூசி எல்லாம் அதற்கு ஓவியர் போட்ட கோடுதான்; எது கை, எது தாள் என்று அதற்குத் தெரியாது.

தடித்த மார்க்கரால் 8 செ.மீ. அகலத்தில் எழுதிய ‘உ’ ஒன்றை எடுத்துக்கொள்வோம். 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் ஒரு பிக்சல் சுமார் 0.085 மி.மீ. ட்ரேஸின் ஓரம் ஒரு பிக்சல் வெளியே பிதுங்கினால் தாளளவில் யார் கண்ணுக்கும் படாது. அதே எழுத்து 2.4 மீட்டர் கடைப் பலகைக்குப் போகும்போது முப்பது மடங்கு பெரிதாகிறது. பிதுக்கமும் இரண்டரை மில்லிமீட்டராக வளர்ந்துவிடும். விசிட்டிங் கார்டில் அழகாகத் தெரிந்த லோகோ பலகையில் கரடுதட்டித் தெரிவது இப்படித்தான்.

இந்த ‘உ’வின் கீழ்க்கோட்டைப் பார்ப்பது நல்ல தொடக்கம். இடமிருந்து வலமாகக் கிட்டத்தட்ட நேராக ஓடும் பகுதி அது. சற்றே தொய்ந்திருந்தாலும் மேல் ஓரத்துக்கு இரண்டு புள்ளி, கீழ் ஓரத்துக்கு இரண்டு புள்ளி போதும். இல்லஸ்ட்ரேட்டரில் `Ctrl+Y` அழுத்தி நிறத்தை நீக்கி வெறும் கோடாக்கி, எல்லாப் புள்ளிகளையும் தேர்ந்தெடுத்தால், அங்கே எறும்பு வரிசைபோல் பத்துப் பதினைந்து புள்ளிகள் நிற்பது தெரியும். எழுத்து முழுவதற்கும் இருபது சொச்சம் போதும் என்ற இடத்தில் ட்ரேஸ் நூறைத் தாண்டினாலும் வியப்பில்லை. இங்க்ஸ்கேப்பில் புள்ளிக் கருவியோடு `Ctrl+A` அழுத்தினால் மொத்த எண்ணிக்கை கீழ்ப்பட்டையில் வந்துவிடும்.

எண்ணிக்கையைவிடக் கைப்பிடிகளே அதிகம் காட்டிக்கொடுக்கும். நல்ல வளைவில் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குப் போகும்போது கைப்பிடிகள் படிப்படியாகத் திரும்பும். நீளமும் துண்டின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கையொட்டி இருக்கும். ஒரு கைப்பிடி குட்டையாகவும் எதிர்ப்பக்கத்தது நெடியதாகவும் இருந்தாலோ, இரண்டும் ஒரே நேர்கோட்டில் அமையாமல் சில பாகை மடங்கி நின்றாலோ, அங்கே ஒரு முட்டி இருக்கும். கைப்பிடிகள் நேர்கோட்டில் இருப்பதுகூட முழுப் பாதுகாப்பு அல்ல. திசை ஒத்துப்போயும் வளைவின் இறுக்கம் அந்த இடத்தில் சட்டென்று மாறினால், கண் அதை மேடாகவே உணரும். புள்ளி குறைவான கோடும் மேடு தட்டுவதற்குக் காரணம் இதுதான்.

இதைக் கண்ணால் பிடிக்க ஓர் எளிய வழி உண்டு. பலகை கோணலா என்று பார்க்கத் தச்சர் அதன் ஓரத்தைக் கண்ணுக்கு நேரே வைத்து நீளவாக்கில் பார்ப்பார். திரையிலும் அதைச் செய்யலாம்: லோகோவின் நகல் ஒன்றை எடுத்துக் கறுப்பு நிரப்பி, உயரத்தைத் தொடாமல் அகலத்தை மட்டும் 20 சதவீதமாகச் சுருக்க வேண்டும். ‘உ’வின் கீழ்க்கோட்டில் தூங்கிக்கொண்டிருந்த மேடெல்லாம் ஐந்து மடங்கு செங்குத்தாகி எழுந்து நிற்கும். செங்குத்தான கோடுகளுக்கு உயரத்தைச் சுருக்கிப் பார்க்க வேண்டும்.

கண்டுபிடித்த நெளிவெல்லாம் குறை ஆகிவிடாது. கையால் வரைந்ததன் உயிர் சில நெளிவுகளில்தான் இருக்கிறது; அதையும் சேர்த்து இழைத்துவிட்டால் கடையில் வாங்கிய எழுத்துருபோல் ஆகிவிடும். பிரித்தறிய இரு ஓரங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கை நடுங்கியிருந்தால் கோட்டின் இரண்டு ஓரமும் ஒரே பக்கம் சாயும். அழுத்தம் கூடியிருந்தால் இரண்டும் எதிரெதிராக விரியும். எதிர் ஓரம் அமைதியாக இருக்க, ஒரு ஓரம் மட்டும் பிதுங்கினால் அது பெரும்பாலும் தாளின் வேலை, அல்லது ட்ரேஸின் வேலை. மை ஒரு பக்கமாக ஊறியிருக்கவும் கூடும் என்பதால் மூலத் தாளை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

`Simplify` கட்டளை இங்கே பாதி மருந்துதான். புள்ளிகளைக் குறைக்கும், ஆனால் எது மேடு என்று தெரியாமலே குறைக்கும். பெரிய மேடு அப்படியே நிற்க, கூராக இருக்க வேண்டிய கோட்டு முனைகள் மழுங்கிப்போகும். இங்க்ஸ்கேப்பில் `Ctrl+L` அடுத்தடுத்து அழுத்தினால் ஒவ்வொரு முறையும் கடுமை கூடும் என்பதால் இரண்டாம் தட்டலிலேயே சுழி தட்டையாகிவிடலாம். புள்ளி எண்ணிக்கை மட்டும் கேட்பவரிடம் கணக்குக் காட்ட இது உதவும், எழுத்து உருப்படாது.

நல்ல லோகோவுக்கு ஸ்கேனை மங்கலாக்கி அடியில் பூட்டி வைத்துவிட்டு, மேலே பேனாக் கருவியால் புதிதாக வரைவதே குறைந்த வேலை. ‘உ’வின் தலை வளைவில் மிக மேலே ஒரு புள்ளி, வலப்பக்கம் மிக ஒதுங்கிய இடத்தில் ஒரு புள்ளி என்று நான்கு திசை எல்லைகளில் வைக்க வேண்டும். மேலே வைத்ததன் கைப்பிடி கிடைமட்டமாகவும், வலப்பக்கத்தது செங்குத்தாகவும் இருக்கும். இல்லஸ்ட்ரேட்டரில் `Shift` அழுத்தி இழுத்தால் அப்படியே நிற்கும். வளைவு எதிர்த்திசைக்கு மாறும் இடத்தில் தேவைப்பட்டால் இன்னொன்று. கோடு ஸ்கேனோடு பொருந்தாத இடத்தில் உடனே புதுப் புள்ளி சேர்க்கத் தோன்றும். முதலில் கைப்பிடியின் நீளத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

உலர்ந்த தூரிகையின் கீறல்களே அழகாக உள்ள லோகோவுக்கு இந்த அளவுகோல் எதுவும் பொருந்தாது. அங்கே ஆயிரம் புள்ளியும் நியாயமே. ஆனால் அதே கோப்பை ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டருக்கு அனுப்பினால் கத்தி ஒவ்வொரு சிறு துண்டிலும் தயங்கித் தயங்கித் திரும்பும், வைனிலின் ஓரம் பிய்ந்துவரும். அத்தகைய லோகோவுக்கு வெட்டுவதற்கென்று கீறல் இல்லாத தனிப் பிரதி ஒன்று வரைந்து வைப்பது வழக்கம்.