இயக்கத் தூரிகை: அசையாப் படத்தில் மேகத்தையும் நீரையும் மட்டும் அசைத்தல்

இயக்கத் தூரிகை என்பது ஒரு நிழற்படத்தில் அசைய வேண்டிய பகுதியைப் பூசிக் காட்டி, மற்ற இடங்கள் நிலைத்திருக்க, அந்தப் படத்தைச் சில வினாடிக் காணொளியாக மாற்றும் கருவி. பயனர்களிடம் இது மோஷன் பிரஷ் என்ற பெயரிலேயே புழங்குகிறது. இயற்கைக் காட்சிகளில் மேகத்தையும் நீரையும் அசைப்பதற்கு இது அதிகம் பயன்படுகிறது. இவ்விரண்டுக்கும் உறுதியான வடிவம் கிடையாது. ஓடும்போது உருவம் சற்றுக் குலைந்தாலும் கண்ணுக்கு உறுத்தாது. அதே குலைவு ஒரு முகத்திலோ கட்டடத்திலோ வந்தால் உடனே தெரிந்துவிடும்.

பின்னணி

2011இல் ஜேமி பெக், கெவின் பர்க் என்ற அமெரிக்கக் கலைஞர்கள் சினிமாகிராஃப் என்ற வடிவத்தைப் பரவலாக்கினர். அது காணொளியிலிருந்து பிறப்பது: எடுத்த காட்சியின் ஒரு பகுதியை ஓடவிட்டு, மற்றதை உறைய வைப்பார்கள். இயக்கத் தூரிகையின் வழி இதற்கு நேர்மாறானது. கையில் இருப்பது ஒற்றை நிழற்படம். இல்லாத அசைவைப் புதிதாக உண்டாக்க வேண்டும்.

இதற்கான ஆய்வுகளில் 2021இல் அலெக்சாண்டர் ஹொலின்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட முறை குறிப்பிடத்தக்கது. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் மாறாத திசையும் வேகமும் தந்து, அருவியையும் புகையையும் மேகத்தையும் தொடர்ந்து ஓடச் செய்தார்கள். 2023 நவம்பரில் ரன்வே நிறுவனம் தன் ஜென்-2 காணொளி மாதிரியில் இயக்கத் தூரிகையை அறிமுகம் செய்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில், ஒரே படத்தில் ஐந்து தூரிகைகள் வரை தனித்தனி அளவுகளோடு பயன்படுத்தும் வசதியும் அதில் வந்தது.

செயல்படும் விதம்

இந்தக் கருவிகள் இரு வகைப்படும். முதல் வகை, படத்தின் புள்ளிகளையே இழுத்து நகர்த்துகிறது. கைப்பேசிச் செயலியான மோஷன்லீப் இந்த வகை. அம்பு வரைந்து திசை காட்டி, நங்கூரப் புள்ளிகளாலோ உறைதூரிகையாலோ நிற்க வேண்டிய இடத்தைக் காக்க வேண்டும். இதில் உறைந்த பகுதி மூலப்படத்தின் புள்ளிகளாகவே இருக்கும்.

இரண்டாம் வகை, செயற்கை நுண்ணறிவு மாதிரியைக் கொண்டு ஒவ்வொரு சட்டகத்தையும் முழுமையாகப் புதிதாக வரைகிறது. இங்கே பூசாத பகுதியும் மறுபடி வரையப்பட்டதே. "இங்கே அசைவு வேண்டாம்" என்பது மாதிரிக்குத் தரும் குறிப்புதானே தவிர, போட்ட பூட்டு அல்ல. இத்தகைய மாதிரிகள் படத்தைச் சுருக்கிய வடிவில்தான் கையாளுகின்றன. ஸ்டேபிள் வீடியோ டிஃப்யூஷன் மாதிரியில் 1024×576 புள்ளிகள் கொண்ட சட்டகம் 128×72 கட்டங்களாகச் சுருங்குகிறது. எட்டுப் புள்ளி அகலமுள்ள ஒரு கட்டத்துக்குள் மெல்லிய கிளையும் அதன் பின்னாலுள்ள வானமும் சேர்ந்தே அடங்கும். எவ்வளவு நுணுக்கமாகப் பூசினாலும் மரநுனிகள் மேகத்தோடு சேர்ந்து நெளிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஓர் எடுத்துக்காட்டு

மேலே மேகம், நடுவில் மலை, கீழே ஏரி உள்ள ஒரு படத்தை ஜென்-2இன் தூரிகையால் அசைப்பதாகக் கொள்வோம். அதில் ஒவ்வொரு தூரிகைக்கும் Horizontal, Vertical, Proximity, Ambient என நான்கு அளவுகள் உண்டு. முதல் மூன்றும் திசையைக் குறிப்பவை. Ambient திசையற்ற சலனத்தைத் தருவது. கேமரா நகர்வுக்கான அளவுகளை முதலில் சுழியில் வைக்க வேண்டும்; இல்லையென்றால் மலையும் சேர்ந்து நகரும்.

வானம் முழுவதையும் ஒரே தூரிகையால் பூசினால், மேகங்கள் திரைச்சீலையை இழுத்தது போல ஒரே வேகத்தில் நகரும். உண்மையில் தலைக்கு மேலுள்ள மேகம் வேகமாகவும், தொடுவானத்தை ஒட்டியது மெதுவாகவும் நகர்வதாகத் தெரியும். எனவே வானத்தை இரண்டாகப் பிரித்து, மேற்பகுதிக்கு Horizontal அளவை 2 என்றும், மலையை ஒட்டிய பகுதிக்கு 0.5 என்றும் தொடங்கலாம். மலை விளிம்பின் மேல் தூரிகை ஏறக்கூடாது. சில புள்ளிகள் முன்னதாகவே நிறுத்த வேண்டும். ஏறினால் விளிம்பு மேகத்தோடு இழுபட்டு, அதன் நிழலுரு வானத்தில் கறையாகத் தங்கும்.

மூன்றாம் தூரிகை நீருக்கு. அமைதியான ஏரிக்கு ஓட்டம் தேவையில்லை. Ambient 1 அல்லது 2 போதும். நீரில் மேகத்தின் பிம்பம் தெளிவாகத் தெரிந்தால் அந்தப் பகுதிக்கு மட்டும் வானத்தின் அதே கிடைத்திசையைச் சிறிதளவு தர வேண்டும். மேலே மேகம் போய்க்கொண்டிருக்க, கீழே பிம்பம் நின்றால் காட்சி பொய்யாகத் தெரியும்.

நிலைத்த பகுதியைச் சோதித்தல்

கிடைத்த காணொளியின் முதல் சட்டகத்தையும் கடைசிச் சட்டகத்தையும் தொகுப்பு மென்பொருளில் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, கலப்பு முறையை Difference என மாற்ற வேண்டும். மாறாத இடம் கறுப்பாகும். மலை இருக்கும் இடத்தில் வெளிறிய கோடுகள் தெரிந்தால் அது நகர்ந்திருக்கிறது; பரவலான மங்கல் தெரிந்தால் நிறமோ வெளிச்சமோ மாறியிருக்கிறது.

இதற்குத் தீர்வு, மூலப்படத்தையே மேலடுக்காக வைப்பது. அதில் வானத்தையும் நீரையும் வெட்டி எடுத்துவிட்டால், கீழிருக்கும் காணொளி அந்த இடங்களில் மட்டும் தெரியும். மலை விளிம்பில் இரண்டு மூன்று புள்ளி அளவுக்கும், கரையோரத்தில் இன்னும் அகலமாகவும் வெட்டை மென்மையாக்க வேண்டும். மூலப்படத்தின் குருணை உறைந்தும் காணொளியின் குருணை துடித்தும் இருப்பதால் ஒட்டு வெளிப்படும்; எல்லா அடுக்குகளுக்கும் மேலே ஒரே அசையும் குருணையை மெல்லிதாகச் சேர்த்தால் அது மறையும்.

சுழற்சி

ஜென்-2 தரும் காணொளி 4 வினாடி நீளமுள்ளது. அதைத் தொடர்ந்து ஓடவிட, கடைசி ஒரு வினாடியை முதல் வினாடியின் மேல் வைத்து, ஒன்று மங்க மற்றது தெளியும்படி கலந்தால் 3 வினாடிச் சுழற்சி கிடைக்கும். சிற்றலைகளில் இந்தக் கலப்பு தெரியாது. கூர்விளிம்புள்ள திரள்மேகத்தில் இரட்டை உருவம் தெரியும்; அதனால் மேகத்தின் வேகத்தைக் குறைத்தே வைக்க வேண்டும். முன்னும் பின்னுமாக ஓட்டும் முறை அருவிக்கும் ஆற்றுக்கும் உதவாது. பாதி நேரம் நீர் மேட்டை நோக்கி ஓடும்.

வரம்புகள்

அசைவின் விளைவு பூசிய எல்லையைத் தாண்டும் இடங்களில் இந்த முறை தடுமாறுகிறது. மலைச்சரிவில் மேகநிழல் அழுத்தமாக விழுந்திருந்தால், மேகம் நகர்ந்தும் நிழல் நகராது. நீரில் மிதக்கும் படகை முற்றிலும் உறைய வைத்தால் அது கட்டாந்தரையில் நிற்பது போல் இருக்கும். அதற்கெனத் தனித் தூரிகையில் மிகச் சிறிய சலனம் தர வேண்டும். கடற்கரைப் படத்தில் அலை மணலில் ஏறி இறங்குவதால் நீரின் எல்லையே நிலையானதல்ல. அங்கே நீர்விளிம்போடு பூச்சை நிறுத்தாமல் ஈரமணலையும் சேர்த்துப் பூசி, மேலடுக்கின் வெட்டை உலர்ந்த மணல் தொடங்கும் இடத்தில் வைக்க வேண்டும்.