உயர் மின்காப்பு மாறிலிப் படலமும் உலோக கேட்டும்

உயர் மின்காப்பு மாறிலிப் படலமும் உலோக கேட்டும் 2007-ஆம் ஆண்டு முதல் கணினிச் சில்லுகளின் டிரான்சிஸ்டர்களில் ஒன்றாகப் பயன்படுத்தப்படும் இணை. அதுவரை கேட் மின்முனைக்கும் சிலிக்கானுக்கும் இடையே மின்காப்பாக இருந்தது சிலிக்கான் டை ஆக்சைடு. அதன் இடத்தை ஹாஃப்னியம் ஆக்சைடும், மேலிருந்த பாலிசிலிக்கான் மின்முனையின் இடத்தை உலோகமும் பிடித்தன. ஹாஃப்னியத்தின் வரவே பெரிதும் பேசப்பட்டாலும், மாற்றத்தின் கடினமான பாதி உலோகத்தில்தான் இருந்தது.

பெல் ஆய்வகத்தில் முகமது அட்டல்லாவும் தாவோன் காங்கும் 1959-இல் உருவாக்கிய மாஸ் டிரான்சிஸ்டர் சிலிக்கான் டை ஆக்சைடை நம்பியே பிறந்தது. சிலிக்கானை ஆக்சிஜனில் சூடாக்கினால் இந்த ஆக்சைடு அதன் மேலேயே வளர்கிறது. இரண்டும் சேரும் முகப்பில் குறைகள் மிகக் குறைவு. வேறெந்தக் குறைக்கடத்திக்கும் இப்படியொரு இயற்கையான துணை வாய்க்கவில்லை.

கேட்டில் தரும் மின்னழுத்தம் கீழேயுள்ள சிலிக்கானில் மின்துகள்களைத் திரட்டி மின்னோட்டத்தைத் திறந்துவிடுகிறது. அந்தப் பிடி எவ்வளவு வலுவானது என்பதைக் கேட்டின் மின்தேக்குத்திறன் தீர்மானிக்கிறது. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது பிடி தளராமல் இருக்க, ஆக்சைடையும் மெலிதாக்கியாக வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் சுமார் 100 நானோமீட்டர் தடிமனில் இருந்த படலம், 2003-இல் வந்த இன்டெலின் 90 நானோமீட்டர் தலைமுறையில் 1.2 நானோமீட்டராகியது. ஏறக்குறைய ஐந்து அணு அடுக்குகள்! அடுத்து வந்த 65 நானோமீட்டர் தலைமுறையில் மற்ற அளவுகள் சுருங்கின. ஆக்சைடு மட்டும் 1.2-லேயே நின்றுவிட்டது.

காரணம் கசிவு. ஆக்சைடில் ஓட்டை விழுந்ததாலோ தயாரிப்பு பிசகியதாலோ வந்த கசிவல்ல இது. சுத்தமான, பழுதற்ற ஆக்சைடும் கசியும். எலக்ட்ரானுக்கு அலைத்தன்மை உண்டு; தடுப்பின் உயரம் தன் ஆற்றலைவிட அதிகமாக இருந்தாலும், தடுப்பு போதிய அளவு மெலிதானால் மறுபுறம் தோன்ற அதற்கு வாய்ப்பிருக்கிறது. இதையே குவாண்டம் ஊடுருவல் என்கிறோம். சிலிக்கான் டை ஆக்சைடு எலக்ட்ரானுக்கு வைக்கும் தடுப்பு சுமார் 3.1 எலக்ட்ரான் வோல்ட். அவ்வளவு உயரமான தடுப்பிலும், படலம் 0.2 நானோமீட்டர் மெலியும்போதெல்லாம் கசிவு ஏறக்குறைய பத்து மடங்காகிறது. ஆகவே 2 நானோமீட்டரிலிருந்து 1.2-க்கு இறங்கினால் கசிவு சுமார் பத்தாயிரம் மடங்கு பெருகும். 1.2 நானோமீட்டர் படலத்தில் ஒரு வோல்ட் அளவு மின்னழுத்தத்துக்கு, ஒரு சதுர சென்டிமீட்டர் கேட் பரப்பில் கசிவு 100 ஆம்பியர் அளவை எட்டுகிறது. டிரான்சிஸ்டர் சும்மா இருக்கும்போதும் இது ஓயாது. சில்லு சூடாகும், மின்கலம் தீரும். ஆக்சைடில் நைட்ரஜனைக் கலந்து மின்காப்பு மாறிலியைச் சற்றே உயர்த்திச் சில ஆண்டுகள் காலத்தைக் கடத்தினார்கள். 1999-இல் டேவிட் முல்லரும் பெல் ஆய்வகத் தோழர்களும் எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியாக அணு அணுவாக ஆராய்ந்து, சுமார் 0.7 நானோமீட்டருக்குக் கீழே இந்தப் படலம் ஆக்சைடாகவே நடந்துகொள்ளாது என்று காட்டியிருந்தார்கள்.

தப்பிக்கும் வழி மின்தேக்கியின் கணக்கிலேயே இருந்தது. மின்தேக்குத்திறன் மின்காப்பு மாறிலிக்கு நேர்விகிதத்திலும் தடிமனுக்கு எதிர்விகிதத்திலும் அமைவது. சிலிக்கான் டை ஆக்சைடின் மாறிலி 3.9, ஹாஃப்னியம் ஆக்சைடுக்கு 20 என்று கொள்வோம். 3 நானோமீட்டர் ஹாஃப்னியம் ஆக்சைடு, மின்தேக்குத்திறனில் 0.6 நானோமீட்டர் சிலிக்கான் டை ஆக்சைடுக்குச் சமம்; இந்த 0.6-தான் அதன் சமத்தடிமன். எலக்ட்ரான் கடக்க வேண்டிய தூரமோ முழு 3 நானோமீட்டர்.

அப்படியானால் மாறிலி 80 வரை போகும் டைட்டானியம் ஆக்சைடு இன்னும் நல்லதல்லவா? இல்லை. மாறிலி ஏற ஏற, எலக்ட்ரானுக்கு எதிரான தடுப்பின் உயரம் பெரும்பாலும் தாழ்ந்துவிடுகிறது. டைட்டானியம் ஆக்சைடுக்குச் சிலிக்கான் மேல் தடுப்பே இல்லை எனலாம். நினைவகச் சில்லுகளில் பழகிய டான்டலம் ஆக்சைடும் இதனாலேயே கழிந்தது. சிர்கோனியம் ஆக்சைடு பாலிசிலிக்கானுடன் வினைபுரிந்து கெட்டது. சுமார் 1.5 எலக்ட்ரான் வோல்ட் தடுப்பும், சிலிக்கானோடு சேர்ந்து வெப்பத்தைத் தாங்கும் குணமும் கொண்ட ஹாஃப்னியம் ஆக்சைடு எஞ்சி நின்றது. அதை ஒரே சீரான தடிமனில் படியவைக்க, பின்லாந்தில் துவோமோ சுந்தோலா 1974-இல் வகுத்த அணு அடுக்குப் படிவு முறை கைகொடுத்தது. ஹாஃப்னியம் குளோரைடு ஆவியையும் நீராவியையும் மாறி மாறிச் செலுத்த, ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அணு அடுக்குக்கும் குறைவான படலம் சேர்கிறது.

படலம் கிடைத்தும் டிரான்சிஸ்டர் சரியாக ஓடவில்லை. பாலிசிலிக்கானும் ஹாஃப்னியம் ஆக்சைடும் சேரும் முகப்பில் உண்டாகும் பிணைப்புகள் மின்முனையின் ஆற்றல் மட்டத்தை ஓரிடத்தில் கட்டிப்போட்டுவிட்டன. பி-வகை டிரான்சிஸ்டர் திறக்கத் தேவையான மின்னழுத்தம் அரை வோல்ட்டுக்கும் மேல் தள்ளிப்போனது. மின்தேக்குத்திறனை மின்னழுத்தத்துக்கு எதிரே வரைந்தால், வளைகோடு மொத்தமாக ஒரு பக்கம் நகர்ந்திருப்பதைப் பார்த்தே இதைக் கண்டுகொள்ளலாம். இரண்டாவது சிக்கல் வேகத்தில். மாறிலியை உயர்த்தும் அதே மென்மையான அணுப்பிணைப்புகள் எளிதில் அதிர்பவை. அந்த அதிர்வுகள் கீழே ஓடும் எலக்ட்ரான்களைச் சிதறடிக்கின்றன என்று ஐ.பி.எம்-மின் மாசிமோ ஃபிஷெட்டி குழு 2001-இல் கணக்கிட்டுக் காட்டியது.

இரண்டுக்கும் விடை உலோகம். அதில் நிறைந்திருக்கும் கட்டற்ற எலக்ட்ரான்கள் அதிர்வின் மின்புலத்தை மறைத்துவிடுகின்றன. பாலிசிலிக்கானின் அடிப்பகுதியில் மின்துகள் வற்றி, ஆக்சைடு நானோமீட்டரில் பத்தில் சில பங்கு தடித்ததுபோல் ஆகும் பழைய இழப்பும் தீர்ந்தது. மாஸ் டிரான்சிஸ்டரின் முதல் கேட்டே அலுமினியம்தான். மூலம், வடிகால் பகுதிகளைச் செப்பனிடத் தேவையான சுமார் 1000 பாகை வெப்பத்தை அலுமினியம் தாங்காததால்தான் 1960-களின் இறுதியில் பாலிசிலிக்கான் வந்தது. இப்போதும் எதிரி அந்த வெப்பமே. என்-வகைக்கு ஓர் உலோகம், பி-வகைக்கு வேறோர் உலோகம் என இரண்டு வேண்டும். சூடுபட்டால் இரண்டின் குணமும் நடுவாந்தரமாக மாறிவிடும்.

இன்டெல் உலோகத்தைக் கடைசிக்குத் தள்ளியது. முதலில் ஹாஃப்னியம் ஆக்சைடு, அதன்மேல் தற்காலிகப் பாலிசிலிக்கான் கேட். வெப்ப வேலைகள் எல்லாம் முடிந்தபின் சுற்றிலும் மின்காப்பை நிரப்பி, கேட்டின் தலை தெரியும்வரை தேய்த்து, பாலிசிலிக்கானை மட்டும் கரைத்தெடுக்கிறார்கள். உண்டாகும் குறுகிய பள்ளத்தில் முதலில் பி-வகை உலோகம். என்-வகைப் பகுதியிலிருந்து அதை நீக்கி அங்கே அதற்குரிய உலோகம். பிறகு அலுமினியம் நிரப்பி மீண்டும் தேய்ப்பு. பாலிசிலிக்கானை அகற்றும்போது பி-வகையின் சிலிக்கான் மேலும் இறுக்கப்பட்டு வேகம் கூடியது கூடுதல் லாபம். 2007 நவம்பரில் 45 நானோமீட்டர் பென்ரின் சில்லுகள் விற்பனைக்கு வந்தன. மொத்தச் சமத்தடிமன் 1.0 நானோமீட்டர், முந்தைய தலைமுறையோடு ஒப்பிட கேட் கசிவு என்-வகையில் 25 மடங்குக்கும் மேல், பி-வகையில் 1000 மடங்கு குறைந்ததாக இன்டெல் அறிவித்தது.

ஐ.பி.எம்-மும் கூட்டாளிகளும் உலோகத்தை முதலிலேயே வைத்தார்கள். படிகள் குறைவு என்பது அதன் கவர்ச்சி. ஆனால் வெப்பத்தில் நகரும் மின்னழுத்தத்தைச் சரிக்கட்ட என்-வகையில் லாந்தனம் ஆக்சைடும், பி-வகையில் சிலிக்கான்-ஜெர்மானியம் தடமும் சேர்க்க வேண்டியிருந்தது. எளிமை அதில் கரைந்தது. 20 நானோமீட்டர் தலைமுறையில் அவர்களும் உலோகத்தைக் கடைசிக்கு மாற்றினார்கள்.

சிலிக்கான் டை ஆக்சைடு முழுவதும் போய்விடவில்லை. ஹாஃப்னியம் ஆக்சைடை நேராகச் சிலிக்கானில் வைத்தால் முகப்பில் குறைகள் மலியும். அதனால் அரை நானோமீட்டர் அளவுக்கு அந்த ஆக்சைடை இன்றும் இடையில் வளர்க்கிறார்கள். சமத்தடிமனில் ஏறத்தாழ பாதியை அதுவே எடுத்துக்கொள்கிறது. மேலேயுள்ள உலோகத்தைக் கொண்டு அதிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி மேலும் மெலிதாக்கலாம். அப்போது எலக்ட்ரானின் ஓட்டம் மந்தமாகிறது, படலம் விரைவில் நைந்துபோகிறது. 2012-இல் சந்தைக்கு வந்த துடுப்பு வடிவ டிரான்சிஸ்டர்கள், படலத்தை இன்னும் மெலிதாக்குவதைவிட கேட்டை மூன்று பக்கமும் சுற்றிப் பிடியை வலுப்படுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.