நீரிழிவும் ஈறு நோயும்

ஒன்றையொன்று வளர்க்கும் இரு நோய்கள். இரத்தச் சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு கிருமிகளை எதிர்க்கும் திறன் குறைகிறது. பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து பல் ஆடுகிறது. வலி பெரும்பாலும் இராது. துலக்கும்போது கசியும் இரத்தமே முதல் அடையாளம். மறுபக்கம், ஈற்றில் உண்டாகும் அழற்சிப் பொருள்கள் இரத்தத்தில் கலந்து இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. ஈற்றுக்கடியில் வேர்வரை படிந்த காரையை நீக்கினால், மூன்று நான்கு மாதங்களில் எச்பிஏ1சி சராசரியாக 0.4 புள்ளி குறைகிறது: 8.2 இருந்தவருக்கு ஏறத்தாழ 7.8. மாத்திரைக்கு இது மாற்றல்ல.

பல் மருத்துவரிடம் ‘சுகர் இருக்கு’ என்றால் போதாது. கடைசி எச்பிஏ1சி அளவு, உட்கொள்ளும் எல்லா மருந்துகள், முன்பு சர்க்கரை தாழ்ந்து மயங்கியதுண்டா என்பதையும் சொல்ல வேண்டும். இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வந்திருந்தால், நாற்காலியில் சாயுமுன்பே சொல்லிவிடுங்கள்.