செல் கொள்கையும் அதற்கு அடங்காத இழைகளும்

நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், பந்தலூர் வட்டத்தில் உள்ள தேவாலா, தமிழ்நாட்டில் மழை மிகுதியாகப் பெய்யும் ஊர்களுள் ஒன்று. தென்மேற்குப் பருவமழை நாட்களில் இங்கு ஈரமான ரொட்டித் துண்டை மூடி வைத்தால், சில நாட்களில் வெண்பஞ்சு போன்ற பூஞ்சை படர்ந்து, அதன் மேல் கருப்பாகக் குண்டூசித் தலைகள் தோன்றும். இது ரைசோபஸ் எனும் ரொட்டிக் காளான். அதன் இழையை நுண்ணோக்கியில் பார்க்கும் மாணவர்கள், "இதில் எங்கே செல் முடிகிறது?" என்று கேட்பது வழக்கம். நியாயமான கேள்விதான். செல் கொள்கையின் வரலாற்றிலும் இது நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது.

உயிர்கள் எல்லாம் செல்களால் ஆனவை. செல்லே உயிரின் அமைப்புக்கும் செயலுக்கும் அடிப்படை அலகு. செல்கள் முன்பிருந்த செல்களிலிருந்தே தோன்றுகின்றன. இம்மூன்றும் ஒரே நாளில் கூறப்பட்டவை அல்ல. 1665இல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் கண்டவை வெறும் சுவர்கள். உள்ளே உயிர்ப்பொருள் இல்லை. 1831இல் ராபர்ட் பிரவுன், ஆர்க்கிட் செடியின் செல்களில் உட்கருவை இனங்கண்டு பெயரிட்டார். தாவரங்கள் செல்களால் ஆனவை என 1838இல் ஷ்லைடனும், விலங்குகளும் அவ்வாறே என 1839இல் ஷ்வானும் கூறினர். செல் எப்படிப் பிறக்கிறது என்பதில் இருவரும் தவறினர். உப்புக் கரைசலில் படிகம் உருவாவதுபோல ஒரு திரவத்திலிருந்து செல் தோன்றுவதாக எண்ணினர். கோழிக் கருவின் இரத்த செல்கள் இரண்டாகப் பிரிவதைக் கண்ட ராபர்ட் ரேமாக், 1852இல் அக்கருத்தை மறுத்தார். 1855இல் விர்ஷோ அதே முடிவை எடுத்துரைத்தார். பாடநூல்கள் விர்ஷோவை மட்டும் குறிப்பிட்டு ரேமாக்கை விட்டுவிடுவது எனக்கு நெடுநாள் குறை.

இக்கொள்கைக்கு எலும்புத்தசை தொடக்கத்திலேயே சிக்கலாக இருந்தது. ஒரு தசைநார் பல சென்டிமீட்டர் நீளம் இருக்கலாம். அதைச் சுற்றி ஒரே சவ்வு; சவ்வின் அடியில் நூற்றுக்கணக்கான உட்கருக்கள். பல செல்கள் வரிசையாக இணைந்து இந்த நார் உண்டாகிறது என்றார் ஷ்வான். ஒரே செல் நீண்டு, அதன் உட்கரு மட்டும் திரும்பத் திரும்பப் பிரிகிறது என்றார் ரேமாக். முடிவுற்ற நாரைப் பார்த்து இவ்விரண்டில் எது சரி என்று சொல்ல முடியாது.

1967இல் பியட்ரிஸ் மின்ட்ஸ், வில்பர் பேக்கர் இருவரும் இதை எலிகளில் சோதித்தனர். அவர்கள் தேர்ந்த நொதி இரண்டு புரதத் துண்டுகள் சேர்ந்து உருவாவது. ஒரு எலி வகை அ துண்டையும் மற்றொன்று ஆ துண்டையும் உண்டாக்கும். இரு வகைகளின் இளங்கருக்களை ஒட்டி ஒரே எலியாக வளர்த்தனர். ஒவ்வொரு தசைநாரும் ஒரே செல்லிலிருந்து வந்திருந்தால் அஅ, ஆஆ ஆகிய நொதிகளே கிடைக்க வேண்டும். இரு வகைச் செல்கள் கலந்து ஒரு நாராகியிருந்தால்தான் அஆ என்ற கலப்பு நொதி தோன்றும். எலும்புத்தசையில் கலப்பு நொதி கிடைத்தது. இதயத்திலும் கல்லீரலிலும் கிடைக்கவில்லை. செல் பிறப்பதைப் பற்றித் தவறிய ஷ்வான், இவ்விடத்தில் ஏறக்குறைய சரியாகவே சொல்லியிருந்தார்.

ரொட்டிக் காளானின் கதை வேறு. அதன் இழை ஒரு வித்திலிருந்து முளைக்கிறது. உள்ளே உட்கருக்கள் பிரிந்துகொண்டே போகின்றன. இடையில் குறுக்குச்சுவர் எழுவதில்லை. வித்துப்பையின் அடியிலும், முதிர்ந்த அல்லது காயம்பட்ட இடங்களிலும் மட்டுமே சுவர் உண்டாகும். ஆகவே, பார்வைக்கு ஒத்திருக்கும் தசைநாரும் பூஞ்சை இழையும் எதிரெதிர் வழிகளில் அமைந்தவை: ஒன்றில் செல்கள் இணைகின்றன, மற்றதில் செல் பிரியாமல் உட்கரு மட்டும் பெருகுகிறது.

வகுப்பறையில் இதைக் காட்டும்போது இரு தவறுகள் நேரும். ரொட்டியில் பச்சை நீலமாகப் படர்வது பெரும்பாலும் பெனிசிலியம். அதன் இழைகளில் குறுக்குச்சுவர் உண்டு. கருப்புத் தலை கொண்டதையே எடுக்க வேண்டும். இரண்டாவது, காற்றுக்குமிழின் விளிம்பைச் சுவர் என்று நினைப்பது. மூடுகண்ணாடியை மெல்ல அழுத்தினால் குமிழ் நகரும், சுவர் நகராது. பருத்தி நீலச் சாயம் இழையைத் தெளிவாகக் காட்டும். உட்கருக்களைக் காண அது போதாது.

சுவர் இருந்தாலும் சிக்கல் முழுதும் தீர்வதில்லை. 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்டு, பின்னர் தென்னிந்தியக் காப்பித் தோட்டங்களையும் தாக்கிய இலைத்துரு பூஞ்சையை மார்ஷல் வார்டு 1880 முதல் இலங்கையில் ஆராய்ந்தார். அதன் இழை இலைத்துளை வழியே உள்ளே நுழைவதை அவர் காட்டினார். அந்த இழையில் குறுக்குச்சுவர்கள் உள்ளன. ஒவ்வோர் அறையிலும் பொதுவாக இரண்டு உட்கருக்கள். சுவரின் நடுவிலோ ஒரு துளை.

இத்தகைய உயிர்களை மனத்தில் கொண்டே 1892இல் ஜூலியஸ் சாக்ஸ், ஓர் உட்கருவையும் அதன் ஆளுகையில் உள்ள உயிர்ப்பொருளையும் சேர்த்து 'எனர்ஜிட்' என்று பெயரிட்டார். அவர் கணக்குப்படி ரொட்டிக் காளானின் இழை, நடுவே சுவரில்லாத பல எனர்ஜிட்களின் தொகுப்பு. அப்பெயர் பரவலாக வழங்கவில்லை. இன்றைய நூல்கள் அந்த இழையைப் பல்லுட்கரு அமைப்பு என்றே அழைக்கின்றன.