இரண்டு கோடு, இரண்டு வீழ்ச்சி: 2008-ம் 2020-ம்

போன வாரம் சத்திரம் பேருந்து நிலையத்துல ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்காக நின்னுட்டிருந்தப்போ, எங்க மாமா போன்ல நிஃப்டி சார்ட்டை நீட்டினார். "இந்த ரெண்டு கோடுதான்டா 2020-ல என்னை ஏமாத்துச்சு"ன்னார். இந்த எபிசோடு அதைப் பத்தித்தான்.

முதல்ல கோடு என்னன்னு பார்த்துடலாம். கடைசி 50 வர்த்தக நாட்களோட முடிவு விலையைக் கூட்டி 50-ஆல் வகுத்தா ஒரு புள்ளி. தினமும் புது விலை உள்ள வரும், பழசு ஒண்ணு வெளிய போகும். அதனாலதான் இதுக்கு நகரும் சராசரின்னு பேர். இதே மாதிரி 200 நாளுக்கும் ஒரு கோடு. 50 நாள் கோடு 200-ஐ மேலிருந்து கீழே வெட்டினா டெத் கிராஸ், கீழிருந்து மேலே வெட்டினா கோல்டன் கிராஸ். பேரைக் கேட்டா தெலுங்கு டப்பிங் படம் மாதிரி இருக்கும், ஆனா உள்ள இருக்கறது வெறும் கூட்டல், வகுத்தல்தான். இந்த யோசனையும் புதுசில்ல. 1949-லேயே அமெரிக்காவுல சரக்கு வணிகத்துக்கு ஒரு நிதியம் தொடங்கின ரிச்சர்ட் டான்சியன், 5 நாள், 20 நாள் கோடுகளை வெச்சு விதி எழுதினவர்.

இப்போ மாமா கதை. 2020 ஜனவரி 14 அன்னிக்கு நிஃப்டி 12,362-ல முடிஞ்சுது. பிப்ரவரி கடைசியில கொரோனா பயம் ஆரம்பிச்சு, மார்ச்ல சந்தை நேரா பள்ளத்துல விழுந்துச்சு. மாமா இண்டெக்ஸ் ஃபண்டுல ரிட்டயர்மென்ட் பணத்தை வெச்சிருந்தார். "டெத் கிராஸ் வந்தா வித்துடணும், கோல்டன் கிராஸ் வந்தா வாங்கணும்"னு ஒரு யூடியூப் சேனல் சொன்னதை அப்படியே நம்பியிருந்தார். நான் பழைய விலைகளை வெச்சுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கோடுகள் வெட்டினது மார்ச் 19 வாக்குல. அப்போ நிஃப்டி 8,300 பக்கம் இருந்துச்சு. அதாவது உச்சியிலிருந்து கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு போன பிறகுதான் "கிளம்பு"ன்னு சிக்னல் வந்துச்சு. நாலு நாள்ல, மார்ச் 23-ம் தேதி, ஒரே நாள்ல 1,135 புள்ளி சரிஞ்சு 7,610-ல முடிஞ்சுது. மாமா அதுக்குள்ள, சுமார் 8,500-ல வித்துட்டார்.

அது ஏன் அவ்வளவு லேட்? மார்ச் 23-ஐயே எடுத்துக்குங்க. 7,610 உள்ள வந்துச்சு. 50 நாள் கணக்கிலிருந்து ஜனவரியோட 12,257 வெளிய போச்சு. வித்தியாசம் சுமார் 4,650, அதை 50-ஆல் வகுத்தா 93. சந்தை 1,135 புள்ளி விழுந்த அன்னிக்கு 50 நாள் கோடு நகர்ந்தது வெறும் 93. 200 நாள் கோடு இருபது புள்ளி சொச்சம்தான் நகர்ந்திருக்கும். சராசரியோட நடுப்பகுதி சுமார் 25 நாள், 100 நாள் பழசு. அது சொல்றது இன்னிக்கு விலையை இல்ல, போன மாசத்துச் சமாச்சாரத்தை.

அப்புறம் கோல்டன் கிராஸ் வந்தது ஆகஸ்ட் பிற்பாதியில. நிஃப்டி அப்போ 11,000-ஐத் தாண்டிடுச்சு. மாமா 11,300 வாக்குல திரும்ப வாங்கினார். 8,500-ல வித்த பணத்துக்கு பழைய யூனிட்டுல நாலுல மூணு பங்குதான் கிடைச்சுது. சும்மா உட்கார்ந்திருந்தா முழுசா இருந்திருக்கும்.

அப்போ இந்த விதி பொய்யா? அதுக்குத்தான் 2008-ஐ ஒப்பிட்டேன். 2008 ஜனவரி 8-ல நிஃப்டி 6,288-ல முடிஞ்சுது. அதே கோடுகள் வெட்டினது மார்ச் கடைசி வாக்குல, குறியீடு 5,000-க்குக் கொஞ்சம் கீழே. அங்கயும் லேட்தான், ஆனா அப்புறம் ஏழு மாசம் இறக்கம் தொடர்ந்துச்சு. அக்டோபர் 27-ல 2,524. அடுத்த வருஷம் கோடைல மேலே வெட்டினப்போ விலை இன்னும் வித்த விலைக்குக் கீழேதான். அதாவது அதே விதி அன்னிக்கு லாபம்.

வித்தியாசம் கோட்டுல இல்ல, வீழ்ச்சியோட வேகத்துல. 2008-ல மாசக்கணக்குல மெல்லமா சரிஞ்சுது, மெல்லமா ஏறிச்சு. லேட்டான சிக்னலுக்குப் பின்னாடியும் மிச்சம் பாதை இருந்துச்சு. 2020-ல சில வாரத்துல விழுந்து, உடனே திரும்பிடுச்சு. சந்தை பக்கவாட்டுல அலையறப்போ இன்னும் மோசம்: கோடுகள் மாத்தி மாத்தி வெட்டிக்கும், ஒவ்வொரு தடவையும் தரகும் வரியும் நம்ம பையிலிருந்துதான். முன்கூட்டி இது எந்த ரகம்னு அந்தக் கோடு சொல்லாது. வீழ்ச்சி முடிஞ்ச பிறகுதான் நமக்கே தெரியும்.

ஆராய்ச்சியிலயும் இதே இழுபறி. 1992-ல ப்ராக், லக்கோனிஷாக், லெபரான் மூணு பேரும் 1897 முதல் 1986 வரை டவ் ஜோன்ஸ் விலையில இந்த மாதிரி விதிகளை ஓட்டி, அதுல ஏதோ இருக்குன்னு காட்டினாங்க. 1999-ல சல்லிவன், டிம்மர்மன், வைட் அடுத்த பத்து வருஷ டேட்டாவுல சோதிச்சாங்க. அங்க சிறந்த விதியும் நிக்கல. பழைய டேட்டாவுல பல விதிகளைத் தேடினா ஒண்ணு ஜெயிக்கத்தானே செய்யும். பேக்டெஸ்ட் எழுதுற நம்ம எஞ்சினியர் கூட்டம் இதுலதான் அடிக்கடி மாட்டுறது.

இதையெல்லாம் சொன்னதும் மாமா கேட்டார், "அப்போ அடுத்த தடவை வெட்டினா நான் என்னடா பண்றது?" "எதுக்கு மாமா அந்தப் பணம், எப்போ வேணும்?"னு நான் திருப்பிக் கேட்டேன். பதில் சொல்றதுக்குள்ள ஸ்ரீரங்கம் பஸ் வந்துடுச்சு. முன்படியில ஏறிக்கிட்டே, "எட்டு வருஷம் கழிச்சுதான்"னார்.