காதிரும் காதரும்



தாராவியிலோ மாட்டுங்காவிலோ செம்பூரிலோ வாழும் தமிழ் முஸ்லிம் ஒருவர் தம் பெயரைச் சொன்ன அளவிலேயே, கேட்பவர் இரண்டு செய்திகளை அறிந்து கொள்கிறார். அவர் இஸ்லாமியர் என்பது ஒன்று. தமிழகத்திலிருந்து வந்தவர் என்பது மற்றொன்று. உருது பேசுவோர் ‘அப்துல் காதிர்’ என்று வழங்கும் பெயரை இவர் ‘அப்துல் காதர்’ என்பார். அவர்கள் ‘மொஹியுத்தீன்’ என்பதை இவர் ‘முகைதீன்’ என்பார். இதனைப் பிழைபட்ட உச்சரிப்பு என்று கருதுவோர் உளர். ஆனால், அயற்சொல் ஒன்று தமிழுக்குள் வரும்போது எந்த நெறிப்படி மாறவேண்டுமோ, அந்த நெறிப்படியே இப்பெயர்கள் மாறியிருக்கின்றன.

முதலில் பெயரின் பொருளைக் காண்போம். அரபு மொழியில் ‘அப்து’ என்றால் அடியான். ‘காதிர்’ என்பது ஆற்றல் மிக்கவன் எனப் பொருள்படும் இறைவனின் திருநாமங்களுள் ஒன்று. இவ்விரண்டையும் இணைக்க நடுவே நிற்பது ‘அல்’ என்னும் சிறு சொல். மூன்றும் சேர்ந்து ‘அப்துல் காதிர்’ ஆகிறது. ஆற்றல் மிக்கவனின் அடியான் என்பது அதன் பொருள். பாக்தாதில் வாழ்ந்து 1166ஆம் ஆண்டில் மறைந்த ஞானியார் அப்துல் காதிர் ஜீலானி இப்பெயர் தாங்கியவர். ‘மார்க்கத்திற்கு உயிரூட்டியவர்’ எனப் பொருள்படும் ‘முஹ்யித்தீன்’ என்பது அவருடைய சிறப்புப் பெயர். அவர் வழிவந்த காதிரிய்யா நெறி தமிழகக் கடற்கரையில் பரவியது. நாகூரில் அடங்கியிருக்கும் சாகுல் ஹமீது ஆண்டகையும் ‘காதிர் ஒலி’ என்று போற்றப்படுபவரே. ஆகவேதான் தமிழ் முஸ்லிம்களிடையே காதர்களும் முகைதீன்களும் அத்தனை பேர் இருக்கிறார்கள்.

இனி, இப்பெயர்கள் தமிழுக்குள் புகுந்த விதத்தைப் பார்ப்போம். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை. முடிவில் ஓர் உகரம் வந்து தாங்கும். எனவே ‘ஹமீத்’ ஹமீது ஆயிற்று. ‘ஷெய்க்’ சேகு ஆயிற்று. ‘சாஹிப்’ சாகிபு ஆகி, மேலும் நெகிழ்ந்து சாயபு ஆயிற்று. தமிழ் நாவுக்குப் பழகாத இரண்டு மெய்கள் அடுத்தடுத்து வந்தால் இடையே ஓர் உயிர் தோன்றும். ‘ரஹ்மான்’ ரகுமான் ஆனதும், ‘இப்ராஹிம்’ இபுராகீம் ஆனதும் அவ்வாறே. ஹகரம் தமிழ் நெடுங்கணக்கில் இல்லை. சொல்லின் இடையில் வந்தால் ககரமாக எழுதப்பட்டது, முதலில் வந்தால் மறைந்தது. ‘ஹசன்’ அசன் ஆனதும் ‘ஹுசைன்’ உசேன் ஆனதும் இதனால்தான். வடசொற்கள் தற்பவமாகித் தமிழில் கலந்தபோதும் இத்தகைய மாற்றங்களே நிகழ்ந்தன.

இந்த மாற்றத்தின் எல்லையைக் காட்டும் பெயர் ஒன்று உண்டு. கீழக்கரையில் பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த வள்ளலை நாம் சீதக்காதி என்று அறிவோம். இறந்த பின்னும் கொடுத்தவர் என்று பழமொழியிலும் இடம் பெற்றவர்; உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடுவதற்குத் துணை நின்றவர். அவருடைய இயற்பெயர் ஷெய்கு அப்துல் காதிர். இத்தொடரை விரைந்து சொல்லிப் பாருங்கள். நடுவில் உள்ள ‘அப்துல்’ தேய்ந்து முன்னும் பின்னும் ஒட்டுகிறது; இறுதியில் உள்ள ரகர மெய் உதிர்கிறது. பழைய நூல்களில் அவர் ‘செய்தக்காதி’ என்று வழங்கப்படுகிறார். அது மக்கள் நாவில் மேலும் உருண்டு ‘சீதக்காதி’ ஆயிற்று. தாராவியில் இன்று ‘காதர் பாய்’ என்று அழைக்கப்படுபவரும் கீழக்கரைச் சீதக்காதியும் ஒரே பெயருடையவர்கள் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

சில இடங்களில் அரபுச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் எழுத்தால் ஒன்றாகிவிட்டன. ‘கனீ’ என்னும் அரபுச் சொல்லுக்குச் செல்வமுடையவன் என்பது பொருள். ‘அப்துல் கனி’ என்று தமிழில் எழுதும்போது அது இனிய பழத்தையும் நினைவூட்டுகிறது. பெண்களின் பெயர்களிலோ இரு மொழிகளும் வெளிப்படையாகவே கைகோத்தன: பாத்திமா என்பதோடு முத்துச் சேர்ந்து பாத்திமுத்து ஆயிற்று.

இத்தகைய பெயர்களோடுதான் நெல்லைச் சீமையின் முஸ்லிம்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாய்க்கு வந்தனர். தாராவியில் தோல் பதனிடும் தொழிலை வளர்த்தவர்களுள் அவர்கள் முக்கியமானவர்கள். அங்குள்ள பெரிய பள்ளிவாசல் 1887இல் தோன்றியது. ஊரில் இருந்தவரை பெயரைப் பற்றி ஒரு தொல்லையும் எழவில்லை. நகரத்துப் பதிவேடுகளில்தான் தொல்லை தொடங்கிற்று.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். முகைதீன் என்பவருடைய மகன் அப்துல் காதர். தமிழ் முறைப்படி அவர் தந்தையின் பெயரைத் தலையெழுத்தாக வைத்து, மு. அப்துல் காதர் என எழுதுவார். மராட்டிய நாட்டு முறையோ வேறு. தன் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டங்களை நெடுங்காலம் நிரப்பவேண்டியிருந்தது. இவருக்குக் குடும்பப் பெயர் இல்லை. எழுதுபவர் ‘அப்துல்’ என்பதைப் பெயராகவும், ‘காதர்’ என்பதைக் குடும்பப் பெயராகவும் கொண்டு, நடுவில் ‘முகைதீன்’ என்று பதிந்து விடுகிறார். ஒரே பெயர் இரண்டாகப் பிளந்தது. ‘அப்துல்’ என்று தனித்து நின்றால் அதற்கு ‘இன்னவனுடைய அடியான்’ என்பதற்கு மேல் பொருளில்லை. எவனுடைய என்பது விடுபட்டுப் போகிறது.

அடுத்த தலைமுறையில் இது இன்னும் கூடுகிறது. அவருக்குச் சாகுல் ஹமீது என்று ஒரு மகன் பிறக்கிறான். பள்ளிப் பதிவேட்டில் அவன் ‘சாகுல் அப்துல் காதர்’ ஆகிறான். ‘ஹமீது’ நுழைய இடமில்லை. ‘சாகுல்’ என்பதும் அப்துலைப் போலவே தனித்து நிற்க இயலாத பாதிச் சொல்; ‘ஷா’ என்பதோடு ‘அல்’ சேர்ந்தது. ஊரிலிருக்கும் பாட்டனார் வீட்டுப் பத்திரத்தில் ‘சாகுல் ஹமீது’ என்று பேரனின் பெயரை எழுதி வைத்திருந்தால், பம்பாய்ப் பள்ளிச் சான்றிதழைக் காட்டி அவன்தான் அந்தப் பேரன் என்று மெய்ப்பிப்பதற்குப் பிரமாணப் பத்திரமும் சாட்சியும் தேவையாகி விடுகின்றன.

எழுத்து மாற்றமும் இதனோடு சேர்ந்து கொள்கிறது. தமிழில் ‘காதர்’ என்று ஒரே வகையாக எழுதப்படுவது, ஆங்கில எழுத்தில் ‘கே’ கொண்டும் ‘க்யூ’ கொண்டும், தகரத்திற்கு ‘டி’ மட்டும் இட்டும் அதனோடு ‘எச்’ சேர்த்தும், பல உருவம் கொள்கிறது. அங்கிருந்து தேவநாகரிக்குப் போகும்போது, படிப்பவரின் ஊகத்திற்கேற்ப இன்னொரு பெயர் உண்டாகிறது. ஆகையால் தமிழிலிருந்து நேரே தேவநாகரிக்கு எழுதித் தருவதே தக்கது. அப்துல், சாகுல் போன்ற சொற்களை அடுத்த சொல்லோடு சேர்த்து முதற் கட்டத்திலேயே எழுதச் சொல்லவேண்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் எந்த எழுத்துக்கூட்டல் இருக்கிறதோ, அதனையே பள்ளியிலும் பிற ஆவணங்களிலும் பின்பற்றவேண்டும். முன்னரே பிளந்துவிட்ட பெயரை, மாநில அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டுச் சீர் செய்துகொள்ள வழி உண்டு.

அவ்வாறு சீர் செய்யும்போது, ‘காதர்’ என்பதைக் ‘காதிர்’ என்று திருத்தவேண்டுமா என்று சிலர் வினவுவர். அரபு மூலத்தை ஒட்டி எழுத விரும்புவோர் அவ்வாறு எழுதலாம். ஹகரமும் ஜகரமும் இட்டு எழுதும் வழக்கமும் இன்று பெருகியிருக்கிறது. ஆனால் பாட்டனார் ‘உசேன்’ என்று கையெழுத்திட்ட வீட்டில் பேரன் ‘ஹுசைன்’ என்று எழுதினால், இரண்டும் ஒரு பெயரே என்பதை அவனுக்குச் சொல்லி வைப்பது பெற்றோரின் கடமை. முந்தையது அறியாமையின் அடையாளமன்று. சீதக்காதியின் பெயரை உருவாக்கிய அதே தமிழ் நாவின் அடையாளம்.