கைத்தொலைபேசியை மறைக்கும் துணை: அந்தரங்கம் எது, ஒளிவுமறைவு எது?

குடும்ப ஆலோசனைக்காக என்னிடம் வருகின்ற தம்பதியரில் ஒருவர், பேச்சின் ஏதோவொரு இடத்தில், "போனைக் கவிழ்த்து வைக்கிறார்" அல்லது "நான் கிட்டப் போனால் திரையை அணைக்கிறார்" என்று சொல்வது இப்போது வழமையாகிவிட்டது. மற்றவரின் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "எனக்கென்று ஒன்றும் இருக்கக் கூடாதா?" இரண்டு பேரும் சொல்வது நியாயமாக இருக்கலாம். அதனால் திரையை மறைக்கும் அந்தச் செயலை மாத்திரம் வைத்து நான் எந்த முடிவுக்கும் வருவதில்லை.

மறைப்பதற்குச் சாதாரணமான காரணங்கள் பல உண்டு. தன் தங்கை குழந்தைப்பேற்றுக்காகச் சிகிச்சை பெறுவதை அக்காவிடம் மாத்திரம் சொல்லியிருப்பாள். நண்பனொருவன் தன் வீட்டுச் சண்டையை எழுதியிருப்பான். தன் உடலில் தென்பட்ட கட்டியொன்றைப் பற்றி ஒருவர் தனியாகத் தேடி வாசித்துக்கொண்டிருப்பார். சகோதரங்களோடு ஒரே அறையில் வளர்ந்த சிலருக்கு, தோளுக்கு மேலால் யாராவது எட்டிப் பார்த்தாலே கை தானாகத் திரையை மூடும். வட்ஸ்அப்பில் உரையாடலைப் பூட்டி வைப்பதும், 24 மணித்தியாலம், 7 நாள், 90 நாள் என்று செய்திகள் தாமாக மறையும்படி அமைப்பதும் எவரும் செய்யக்கூடியவை. தொலைபேசியின் இடம் நிரம்பாமல் இருப்பதற்காகவே அப்படிச் செய்பவர்களும் உள்ளனர். இவற்றில் ஒன்றைக் கண்டவுடன் துரோகம் என்று முடிவெடுக்க முடியாது.

நான் முதலில் கேட்பது, மறைக்கப்படுவது உள்ளடக்கமா, அல்லது அப்படியொரு விடயம் இருப்பதேயா என்பதை. "தங்கச்சியோட கதைக்கிறன், அது அவளின்ட விசயம், சொல்ல ஏலாது" என்றால் அது அந்தரங்கம். யாரோடு பேசுகிறார் என்பது தெரியும். என்ன பேசுகிறார் என்பது மாத்திரம் மூடப்பட்டுள்ளது. "ஒருத்தரோடையும் இல்லை, சும்மா செய்தி பார்த்தனான்" என்று சொல்லிவிட்டு உரையாடலை அழித்தால், அங்கே மறைக்கப்படுவது அந்த ஆளின் இருப்பே. அந்தரங்கத்துக்குப் பொய் தேவைப்படுவதில்லை.

இரண்டாவது கேள்வி, மறைக்கப்படுவது மற்றவரின் வாழ்க்கையைத் தொடுகிறதா என்பது. தங்கையின் சிகிச்சை கணவனின் பணத்தையோ உடல்நலத்தையோ பிள்ளைகளையோ தொடாது. அடகு வைத்த நகை, பிணை வைத்த கையெழுத்து, வேறொரு உறவு ஆகியவை தொடும். தன்னைப் பாதிக்கும் ஒன்றைத் தெரிந்துகொள்ளும் உரிமை துணைக்கு இருக்கிறது.

மூன்றாவது, பழக்கத்தில் ஏற்பட்ட மாற்றம். பத்து வருடமாக எல்லோரிடமிருந்தும் திரையை மறைப்பவர் இன்றும் மறைத்தால் அது அவரது சுபாவம். நேற்றுவரை மேசையில் கிடந்த தொலைபேசி இன்று கிணற்றடிக்கும் கூடப் போகிறது, அதுவும் துணை வீட்டில் இருக்கும்போது மாத்திரம் என்றால், அதற்கு ஒரு தொடக்கப்புள்ளி இருக்கும். அதைத் தேட வேண்டும்.

அடையாளங்களை மாற்றி ஓர் உதாரணத்தைச் சொல்கிறேன். கணவர் ஓட்டோ ஓட்டுபவர். மனைவி முன்பள்ளி ஆசிரியை. கணவருக்கு வேறொரு பெண்ணோடு தொடர்பு என்ற முடிவோடுதான் மனைவி வந்தார். ரகசிய இலக்கத்தை மாற்றிவிட்டார், மகன் கேம் விளையாடக் கேட்டாலும் கொடுப்பதில்லை, அழைப்பு வந்தால் படலைக்கு வெளியே போய்க் கதைக்கிறார் என்பன அவர் சொன்ன காரணங்கள்.

ஊகங்களை விட்டுவிட்டு, கண்டவற்றை மாத்திரம் ஒரு தாளில் நாள், நேரத்தோடு எழுதச் சொன்னேன். எழுதியபோது படம் மாறியது. எல்லாம் மாசி மாதத்துக்குப் பின்னர் தொடங்கியிருந்தது. அழைப்புகள் இரவில் வரவில்லை. காலை ஒன்பதுக்கும் மாலை ஐந்துக்கும் இடையில், மாதத்தின் முதல் பத்து நாட்களில் கூடுதலாக வந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி அமைதியாக இருந்தது. அழைப்பு வந்த பின்னர் அவர் சந்தோசமாக இல்லை. சாப்பாட்டை வைத்துவிட்டு எழும்பினார். வீட்டுக்குத் தரும் காசும் குறைந்திருந்தது. அலுவலக நேரத்தில், தவணைக் காலத்தில் வருகின்ற அழைப்பு காதலின் அழைப்பைப் போலத் தெரியவில்லை. கடனின் அழைப்பைப் போலத் தெரிந்தது. ஆனாலும் அது ஊகமே. அறிகுறிகள், ஏதோ மறைக்கப்படுகிறது என்பதைக் காட்டும். என்ன மறைக்கப்படுகிறது என்பதைக் காட்டாது. அதைக் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

எப்படிக் கேட்பது என்பதை இருவருமாக ஆயத்தம் செய்தோம். பிள்ளைகள் நித்திரையான பிறகு, தொலைபேசி கையில் இல்லாத நேரத்தில் அவர் கேட்டது இது: "இஞ்சாருங்கோ, மாசியில இருந்து போன் வந்தா நீங்கள் வெளியில போய்க் கதைக்கிறியள். எனக்குப் பயமா இருக்கு. உங்கட போனைக் காட்டச் சொல்லேல்லை. என்னையும் பிள்ளையளையும் பாதிக்கிற ஏதாவது இருக்கோ எண்டு மட்டும் சொல்லுங்கோ."

கண்டதைச் சொல்கிறது, தன் மனநிலையைச் சொல்கிறது, தொலைபேசியைக் கேட்காமல் பதிலைக் கேட்கிறது. "ஆர் அவள்?" என்று தொடங்கியிருந்தால் அவர் உண்மையாகவே "ஒருத்தியும் இல்லை" என்று சொல்லிவிட்டு எழும்பியிருப்பார்.

அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துச் சொன்னார். உறவினர் ஒருவர் லீசிங்கில் எடுத்த வாகனத்துக்குப் பிணை வைத்திருந்தார். அந்த உறவினர் தவணை கட்டுவதை நிறுத்தியதால் கம்பனி இவரை நெருக்கியது. மனைவியின் சந்தேகம் பிழை. ஆனால் கணவர் மறைத்தது அந்தரங்கமும் அல்ல. வீட்டு வருமானம் அதில் அகப்பட்டிருந்தது. ஆகவே இருவரும் முடிவு செய்தது ரகசிய இலக்கத்தைப் பகிர்வது பற்றி அல்ல; இனிக் கடன், பிணை, அடகு ஆகியவற்றில் இருவருக்கும் தெரியாமல் கையெழுத்து வைப்பதில்லை என்பது பற்றியே. தொலைபேசி அவரிடமே இருந்தது.

கேளாமல் தொலைபேசியைத் திறந்து பார்ப்பதை நான் ஒருபோதும் ஆலோசனையாகச் சொல்வதில்லை. ஒன்றும் அகப்படாவிட்டால் "அழித்துவிட்டார்" என்று மனம் சொல்லும். பாதி உரையாடல் அகப்பட்டால் மீதியைச் சந்தேகம் எழுதும். துணையின் வட்ஸ்அப்பைத் தன் கணினியில் இரகசியமாக இணைத்து வாசிப்பவர்களும் உண்டு. அது கண்காணிப்பு. தன் கணக்கு வேறெங்கும் திறந்திருக்கிறதா என்பதை, வட்ஸ்அப்பில் உள்ள Linked devices என்ற பகுதியில் எவரும் பார்க்கலாம்.

இந்தக் கேள்விகள் எதுவும் பொருந்தாத இடம் ஒன்றுண்டு. அடி, மிரட்டல் அல்லது ஒவ்வொரு அழைப்புக்கும் விசாரணை நடக்கின்ற வீட்டில், ஒருவர் தாயோடு பேசியதைக்கூட அழிப்பார். அது பயத்தினால் வருவது. அங்கே "ஏன் மறைக்கிறாய்?" என்று கேட்பதற்கு முன்னர், "சொன்னால் என்ன நடக்கும் என்று பயப்படுகிறாய்?" என்று கேட்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் உடல்ரீதியான வன்முறையோடு உளரீதியான துன்புறுத்தலையும் உள்ளடக்குகிறது. பெண்களுக்கான அரச உதவித் தொலைபேசி இலக்கம் 1938. அப்படியான வீட்டிலிருந்து அந்த இலக்கத்துக்கு எடுத்த அழைப்பை ஒரு பெண் அழித்து வைத்தால், அதற்கு அவள் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.